மேலே இருப்பது யாருக்கு?

நாகை மாவட்டத்தில் ஒரு மீன்பிடித் துறைமுகம். ஏலக்கூடத்தை ஒட்டிய மண்டபத்தில், மழைக்காலம் தொடங்கும் முன் ஒரு கூட்டம். முன் வரிசையில் அதிகாரிகள். அவர்களில் சிலர் வெளிமாநிலத்துக்காரர்கள். தமிழில் பேசினால் ஓரளவு பிடிபடும், படிக்க வராது. பின்னால் எண்பது தொண்ணூறு மீனவர்கள். துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள், எந்தக் கூண்டு ஏறினால் என்ன செய்ய வேண்டும் என்று விளக்கும் ஸ்லைடுகளை இரு மொழியில் தயாரித்துக் கொடுத்தவன் நான். மூன்றாவது ஸ்லைடு ஓடிக்கொண்டிருந்தபோது பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

“தம்பி, மேல பெரிசா இருக்கறது அவுங்களுக்கு, கீழ பொடிசா இருக்கறது எங்களுக்கா?”

“ரெண்டும் ஒரே அளவுதான் அய்யா, ரெண்டுக்குமே 28 போட்டிருக்கேன்” என்றேன். மண்டபம் சிரித்தது. திரையைத் திரும்பிப் பார்த்தபோது எனக்கே நான் சொன்னது பொய்யாகத் தெரிந்தது. பெட்டியில் 28 என்றுதான் இருந்தது. திரையில் ஆங்கிலம் தடித்து நின்றது, தமிழ் அதன் நிழலில் ஒதுங்கியிருந்தது.

எழுத்துருவின் அளவாக நாம் போடும் எண், எழுத்தின் உயரம் அல்ல. அச்சுக்கோத்த காலத்தில் எழுத்து ஓர் ஈயக்கட்டையின் தலையில் இருந்தது. பாயின்ட் என்பது அந்தக் கட்டையின் உயரம். கட்டைக்குள் எழுத்து எவ்வளவு இடத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பது வடிவமைத்தவரின் விருப்பம். கணினியில் கட்டை போய்விட்டது, கணக்கு மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அன்று நான் தமிழுக்குப் போட்டிருந்தது Vijaya. விண்டோஸில் வரும் எழுத்துருக்களில் கட்டைக்குள் மிகச் சிறிதாக உட்காருவது அது. ஆங்கிலத்துக்கு Calibri, அதுவும் தடித்த எழுத்தில், தலைப்பு முழுவதும் பெரிய எழுத்தில். எண் ஒன்றாக இருந்தும் பெரியவர் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியாததற்கு இவ்வளவும் காரணம்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். வெற்று ஸ்லைடில் `ப x H ப` என்று தட்டி, 200 பாயின்ட்டுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்து எங்கே முடிகிறது, பெரிய எழுத்து எங்கே முடிகிறது, நம் ப எங்கே முடிகிறது என்று மூன்று கோடுகள் கண்ணில் படும். ப-வின் தலை இந்த இரண்டு ஆங்கிலக் கோடுகளுக்கும் நடுவில் நின்றால் இரு மொழியும் திரையில் ஒரே கனத்தில் தெரியும். சிறிய எழுத்தோடு சமமாக நிறுத்தினால் தமிழ் நெரிந்துபோகும், ஏனென்றால் தமிழ் எழுத்தின் வயிற்றுக்குள் வளைவும் சுழியும் அதிகம். பெரிய எழுத்தோடு சமமாக நிறுத்தினால் தமிழ் வரி முழுவதும் கத்துவதுபோல இருக்கும். நான் பிறகு இரண்டு மொழிக்கும் Nirmala UI-க்கு மாறினேன், அதிலேயே ஆங்கிலமும் இருக்கிறது என்பதால். தமிழுக்கு 26, ஆங்கிலத்துக்கு 28 என்று வைத்தபோது கண்ணுக்குச் சமமாக வந்தது. “தமிழுக்கு ரெண்டு கம்மியா?” என்று கூட இருந்த நண்பர் முகம் சுளித்தார். பெட்டியில் உள்ள எண்ணைத் திரையில் யாரும் பார்ப்பதில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் இன்னும் சமாதானமாகவில்லை.

அளவைச் சரிசெய்தால் போதுமென்றால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்திருக்கும். அயர்லாந்தின் சாலைப் பலகைகளைப் பாருங்கள். ஊர்ப்பெயர் அங்கே இரண்டு மொழியில். ஐரிஷ் மேலே, ஆங்கிலம் கீழே. மேலிடம் கிடைத்தும் ஐரிஷ்காரர்களின் மனக்குறை தீரவில்லை. ஐரிஷ் சாய்ந்த எழுத்தில், சிறிய எழுத்துகளோடு. ஆங்கிலம் நிமிர்ந்து, முழுக்கப் பெரிய எழுத்தில். வண்டியில் போகும்போது கண் எதைப் பிடிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. நம் ஸ்லைடுகளிலும் இதே கதைதான். தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது. ஆங்கிலத் தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் போட்டால், தமிழ் திருப்பிக் கொடுக்க வழியில்லாத ஓர் ஆயுதத்தை ஆங்கிலத்தின் கையில் கொடுத்ததாகும். சாய்வெழுத்தும் தமிழுக்கு மரபானது அல்ல. சாய்த்தால் மென்பொருள் இருக்கிற எழுத்தைப் பிடித்துத் தள்ளிவிடும், அவ்வளவுதான். இரண்டாவது மொழியைச் சாம்பல் நிறத்தில், சாய்வெழுத்தில் போடுவது அழகு என்று பலர் நினைக்கிறார்கள். பார்ப்பவருக்கு அது அடைப்புக்குறிக்குள் போட்டதுபோலத்தான். நிறம், கனம், நிமிர்வு மூன்றும் இரு மொழிக்கும் ஒன்றாக இருக்கட்டும். எந்த மொழி எது என்று காட்டத் தனி நிறம் தேவையில்லை, எழுத்தே காட்டிவிடுகிறது.

தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகைகளுக்கு 5:3:2 என்று ஒரு கணக்கு உண்டு: தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்துக்கு மூன்று, பிற மொழிக்கு இரண்டு. அந்தக் கணக்கை ஸ்லைடுக்குக் கொண்டுவந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்பதுதான் அந்த விதியின் நோக்கம், அதை அது வெளிப்படையாகவே சொல்கிறது. பலகையில் இருப்பது ஒரு பெயர், பார்த்ததும் முடிந்துவிடும். ஸ்லைடு ஓடுவது நிமிடக்கணக்கில். அதைப் படித்துக்கொண்டே பேச்சையும் கேட்க வேண்டும். அங்கே நான் வைக்கும் அளவுகோல் வேறு: தமிழ் படிப்பவரும் ஆங்கிலம் படிப்பவரும் ஒரே நேரத்தில் படித்து முடித்துப் பேசுபவரை நிமிர்ந்து பார்க்க வேண்டும். ஒரு பக்கம் இன்னும் படித்துக்கொண்டிருக்கும்போது அடுத்த ஸ்லைடு வந்தால், எழுத்து எவ்வளவு பெரிதாக இருந்தும் அந்த மொழி பின்தங்கித்தான் போகிறது.

இந்த இடத்தில்தான் ‘ஆளுக்குப் பாதி’ என்ற நியாயம் உடைகிறது. அந்த மூன்றாம் எண் ஸ்லைடையே எடுத்துக்கொள்வோம். 3, 4 ஆகிய கூண்டுகள் உள்ளூர் எச்சரிக்கை. துறைமுகத்தையே மோசமான வானிலை நெருங்கும்போது ஏற்றுவது. மூன்றே வரிகள்:

கடலுக்குப் போக வேண்டாம்.
படகுகளை இடைவெளி விட்டுக் கட்டுங்கள்.
வலை, இன்ஜினைக் கரையேற்றுங்கள்.

இப்போதைய பவர்பாயின்ட் ஸ்லைடு 960 பாயின்ட் அகலம், 540 உயரம். ஓரங்களுக்கு 48, நடு இடைவெளிக்கு 32 விட்டு இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொரு மொழிக்கும் 416 பாயின்ட். நான் முதலில் இரு மொழியையும் இப்படி அக்கம்பக்கமாகப் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது வரியின் ஆங்கிலம் ஐந்து சிறு சொற்கள், இடைவெளியோடு இருபது எழுத்து. 28 அளவில் ஓர் ஆங்கில எழுத்து சராசரியாக 14 பாயின்ட் பிடிக்கும். 280-இல் வரி முடிந்துவிட்டது. தமிழ் அப்படியல்ல. நாம் ஓர் எழுத்து என்று எண்ணுவது திரையில் ஒரு வடிவமாக இருக்க வேண்டியதில்லை. ‘ளை’ இரண்டு வடிவம், ‘கொ’ மூன்று. அந்த வரியை வடிவம் வடிவமாக எண்ணினால் 22 வருகிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 20 பாயின்ட், மூன்று இடைவெளி வேறு. சுமார் 460. 416-க்குள் அடங்காமல் ‘கட்டுங்கள்’ மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது.

ஒரு சொல் மடிந்தால் என்ன என்று கேட்கலாம். இடப்பக்கம் இரண்டாவது குறிப்பு இரு வரியானதும் மூன்றாவது குறிப்பு கீழே இறங்கிவிடும். வலப்பக்கம் ஆங்கிலத்தின் மூன்றாவது குறிப்பு மேலேயே நிற்கும். பேசுபவர் திரையில் விரல் வைத்து “இதைப் பாருங்க” என்று காட்டும்போது ஒரு மொழிக்காரர் வலையைப் பார்ப்பார், இன்னொருவர் கயிற்றைப் பார்ப்பார். தமிழ்ப் பக்கம் அடைசலாகவும் ஆங்கிலப் பக்கம் காற்றோட்டமாகவும் தெரியும். சரியாக இடம் பிரித்தும் ஏதோ ஒரு பக்கம் ஒட்டவைத்ததுபோலத் தெரிந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

எனவே இடத்தைச் சமமாகப் பிரிக்காமல் தேவைக்குப் பிரித்தேன். ஓரங்களை 40 ஆகக் குறைத்ததில் 880 கிடைத்தது. நடுவில் 100 பாயின்ட்டுக்கு ஒரு பட்டை; அதில் 3 என்ற எண்ணும் கூண்டின் படமும். மிச்சம் 780-ஐத் தமிழுக்கு 430, ஆங்கிலத்துக்கு 350 என்று கிட்டத்தட்ட 55-க்கு 45 ஆக வைத்தேன். தமிழ் 26 அளவில் அந்த நீண்ட வரி சுமார் 427-இல் அடங்குகிறது. இரு தனிப் பெட்டிகளில் எழுதாமல், கோடுகள் தெரியாத ஓர் அட்டவணையில் வரிக்கு வரி எதிரெதிராக எழுதினேன். ஒரு பக்கம் மடிந்தாலும் மறுபக்கம் காத்திருக்கும். இதிலும் ஒரு பொறி உண்டு. அட்டவணைக் கட்டம் ஒவ்வொன்றும் இடமும் வலமும் பத்தில் ஒரு அங்குலத்தை, அதாவது 7.2 பாயின்ட்டை, தானாகவே உள்ளே விட்டுவிடும். 430 கட்டத்தில் எழுத இருப்பது 416 கூட இல்லை. மறுபடியும் ‘கட்டுங்கள்’ கீழே விழுந்து அரைமணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகே கட்டத்தின் உள்ஓரத்தைப் பூஜ்யமாக்க வேண்டும் என்று புரிந்தது.

நடுப்பட்டைதான் எனக்கு இந்த அமைப்பில் பிடித்த பகுதி. எண்ணும் படமும் எந்த மொழிக்கும் சொந்தமில்லை. பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பும் வெள்ளையுமாக விளக்குகளும் என்றுதான் கூண்டு ஏறுகிறது; அதைப் படிக்க இரண்டு மொழியும் வேண்டாம். அவற்றை ஒரு மொழியின் பக்கம் வைத்தால் மற்றது மொழிபெயர்ப்புபோல ஆகிவிடும். நடுவில் வைத்தால் இரு பக்கமும் அதற்கு விளக்கம் சொல்வதாகிவிடுகிறது. எண்ணை ஒருமுறை எழுதினால் போதும், இரண்டு மொழியிலும் திருப்பி எழுதி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை.

வரிக்கும் வரிக்கும் உள்ள இடைவெளி இன்னொரு சிக்கல். பவர்பாயின்ட்டின் வழக்கமான வார்ப்பு வரி இடைவெளியை 90 சதவீதத்தில் வைத்திருக்கிறது. ஆங்கிலத்துக்கு அது பொருந்தும். தமிழிலோ மேலே புள்ளியும் ‘கி’, ‘கீ’ சுழிகளும், கீழே ‘கு’, ‘மூ’ போன்றவற்றின் வால்களும் நீட்டிக்கொண்டிருக்கும். மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் போய் முட்டும். தமிழுக்கு மட்டும் இடைவெளியைக் கூட்டினால் இரு பக்கமும் அடிக்கோடு விலகிப்போகும். சதவீதத்தை விட்டுவிட்டு இரண்டுக்கும் ஒரே நிலையான பாயின்ட் அளவைக் கொடுப்பதுதான் வழி. நான் 40 கொடுத்தேன். ஆங்கிலப் பக்கம் கொஞ்சம் தளர்வாக இருக்கும், தவறில்லை.

இனி, எது முதலில்? தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலமாகப் போகும் மொழிகள். ஆகவே இடப்பக்கமும் மேற்பக்கமும் எப்போதும் கொஞ்சம் உசத்திதான், அதை மறைக்க முடியாது. வேல்ஸில் பொது அமைப்புகளின் பலகைகளில் வெல்ஷ் மொழி முதலில் படிக்கப்படும் இடத்தில் இருக்க வேண்டும் என்று விதியே செய்துவிட்டார்கள். ஒரு ஸ்லைடில் தமிழ் முன்னால், அடுத்ததில் ஆங்கிலம் முன்னால் என்று மாற்றி மாற்றி வைத்தால் நியாயமாகுமே என்று தோன்றும். நான் செய்து பார்த்தேன். ஒவ்வொரு ஸ்லைடிலும் எல்லோருடைய கண்ணும் தன் மொழியைத் தேடி ஒரு நொடி அலைந்தது. யாருக்கும் நியாயம் கிடைக்கவில்லை. ஓர் இடத்தைத் தேர்ந்து முதல் ஸ்லைடிலிருந்து கடைசி வரை அதிலேயே நிற்பதுதான் நல்லது. துறைமுகத்தில் நான் தமிழை இடப்பக்கம் வைத்தேன், கூட்டம் அவர்களுக்காக நடக்கிறது என்பதால். மேலும் கீழுமாக அடுக்குவதை முடிந்தவரை தவிர்க்கிறேன். எவ்வளவு சமமாகப் போட்டாலும் கீழே இருப்பது சினிமா சப்டைட்டில்போலத்தான் தெரியும்.

முதல் இடத்தை விட்டுக்கொடுத்த மொழிக்கு வேறொரு விதத்தில் ஈடுசெய்யலாம். அன்று பேச்சு தமிழில். தமிழ்க்காரர்களுக்குக் காதும் கண்ணும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒரு வரி விட்டுப்போனாலும் காது பிடித்துக்கொள்ளும். முன்வரிசை அதிகாரிக்கோ திரைதான் முழு ஆதாரம். ஆகவே பேசப்படாத மொழியில் வாக்கியம் தன்னளவில் முழுமையாக இருக்க வேண்டும். தமிழில் ‘வலை, இன்ஜின்’ என்று இரண்டு சொல் எழுதினாலும் மீதியை வாயால் சொல்லிவிடலாம், ஆங்கிலத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதையும் எழுதியாக வேண்டும். பேச்சு ஆங்கிலத்தில் என்றால் இது தலைகீழாக மாறும். அப்போது தமிழ் வரியைச் சுருக்கக் கூடாது. நடைமுறையில் ஆங்கிலப் பேச்சுக்குத் தமிழ் ஸ்லைடு போடுகிறவர்கள் இடம் போதாதபோது முதலில் கைவைப்பது தமிழ் வரியில்தான்.

ஒரு ஸ்லைடு தமிழ், அடுத்தது அதே செய்தி ஆங்கிலம் என்று தனித்தனியாக ஓட்டும் முறையும் உண்டு. தாளில் அது சரியாகத் தெரியும். மேடையில், நேரம் குறையும்போது, பேசுபவர் “இது அதேதான்” என்று இரண்டாவது மொழியைத் தாண்டிப் போய்விடுவார். நான் பார்த்த கூட்டங்களில் ஒன்றில்கூட இது நடக்காமல் இருந்ததில்லை.

எழுத்து போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பின்வரிசைக்குப் போய்ப் பார்க்க வாய்ப்பில்லாதபோது இப்படிச் செய்யலாம். எட்டடி அகலத் திரையை நாற்பதடி தள்ளி இருந்து பார்ப்பதும், ஓரடி அகல மடிக்கணினியை ஐந்தடி தள்ளி நின்று பார்ப்பதும் கண்ணுக்கு ஒன்றே. ஸ்லைடை முழுத்திரையில் விட்டுவிட்டு ஐந்தடி பின்னால் போங்கள். ப தெரிகிறதா என்று பார்த்துப் பயனில்லை, அது எப்போதும் தெரியும். ண-வையும் ன-வையும் பிரித்துப் பார்க்க முடிகிறதா, க் மேல் புள்ளி நிற்கிறதா என்று பாருங்கள். தமிழில் முதலில் சாவது இவைதான். தடித்த எழுத்தாக இருந்தால் ண-வின் சுழிகள் இன்னும் சீக்கிரம் அடைந்துவிடும். அதனால் தலைப்பைக் கனத்தால் எடுப்பாகக் காட்டாமல் அளவால் காட்டுவேன். இந்தச் சோதனையில் தமிழ் தோற்றால் 26-ஐ 30 ஆக்குவதற்கு முன் வரிகளைக் குறைக்கப் பாருங்கள். இரு மொழி ஸ்லைடு ஒரு மொழி ஸ்லைடின் பாதிச் செய்தியைத்தான் தாங்கும். நான்கு வரிக்கு மேல் எழுத நினைத்தால் அது இரண்டு ஸ்லைடுக்கான விஷயம்.

இவ்வளவும் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, அங்கே உள்ள கணினியில் எழுத்துரு இல்லாமல் எல்லாம் சிதறிப்போவதும் உண்டு. கோப்பைச் சேமிக்கும்போதே எழுத்துருவை அதில் பதித்துவிடும் வசதி இருக்கிறது; கூடவே ஒரு பிடிஎஃப் பிரதியும் பையில் இருக்கட்டும். பாமினியில் தட்டிய பழைய கோப்பிலிருந்து வெட்டி ஒட்டுகிறவர்கள், திரையில் தமிழுக்குப் பதில் ஆங்கிலக் குப்பை வந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

புதிய ஸ்லைடுகளை அடுத்த கூட்டத்துக்கு எடுத்துப் போனேன். வரிகளை ஒவ்வொன்றாக வரவைத்தேன், இரு மொழியும் சேர்ந்தே. மூன்றாம் எண் கூண்டு வந்தது. அதே பெரியவர், அதே பின்வரிசை. எழுந்தார்.

“தம்பி, இப்ப நல்லாத் தெரியுது. இன்ஜினக் கரையேத்தச் சொல்றீங்களே, விசைப்படகுல உள்ளாற கெடக்கிற இன்ஜின எப்புடி ஏத்தறது?”

ஃபைபர் படகில் பின்னால் மாட்டியிருக்கும் இன்ஜினைக் கழற்றித் தூக்கிக்கொண்டு வரலாம். விசைப்படகின் இன்ஜின் படகின் அடியிலேயே பிணைத்திருப்பது. முன்வரிசையில் ஓர் அதிகாரி ஆங்கில வரியைப் பார்த்துவிட்டு, அதிலும் அதே தவறுதான் என்று தலையாட்டினார். அங்கேயே உட்கார்ந்து ‘ஃபைபர் படகு இன்ஜினை’ என்று சேர்த்தேன். தமிழ் வரி 430-ஐத் தாண்டி மடிந்தது. ஆங்கிலம் எதிர்க்கட்டத்தில் ஒரு வரியாகக் காத்துக்கொண்டு நின்றது.